கேஸ் மாத்திரை கிட்னியைக் காக்காது

முழங்கால் வலி என்று மெடிக்கலில் போய் நின்றால் பெரும்பாலும் ஒரே ஜோடிதான் கைக்கு வருகிறது. அசிக்ளோஃபினாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த வலி மாத்திரை, அதற்குத் துணையாக பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை. “கேஸ் மாத்திரையைக் காலையிலேயே போட்டுடுங்க, சாப்பிட்டுட்டு இதைப் போடுங்க, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லித் தருகிறார்கள். கடைக்காரர் மட்டுமல்ல, படித்த பிள்ளைகளும் பெற்றோருக்கு இதையேதான் சொல்கிறார்கள். வலி மாத்திரையின் கெடுதல் எல்லாம் வயிற்றோடு சரி, கேஸ் மாத்திரை போட்டால் அதுவும் தீர்ந்தது என்பது நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஆட்களைப் படுக்கையில் தள்ளுகிறது என்பதால்தான் இதை எதிர்த்து எழுதுகிறேன்.

இந்த வலி மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் கண்டறிந்து சொன்னார். அதற்காக 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் சுரப்பதை இவை தடுக்கின்றன. வீங்கிய மூட்டில் வலியைக் கூட்டுவது இந்தப் பொருள்கள்தான். ஆனால் வயிற்றின் உள்தோலைப் பாதுகாப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயை விரித்து வைப்பதும் இவற்றின் வேலையே. மூட்டில் மட்டும் தடுத்துவிட்டு மற்ற இடங்களை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது. ரத்தத்தில் கலந்த பிறகுதான் இது எல்லா இடத்துக்கும் போகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்று நினைப்பதும் அதனால்தான் தவறு. கேஸ் மாத்திரை செய்வது ஒன்றே ஒன்று: இரைப்பையில் அமிலத்தைக் குறைக்கிறது. சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்க்கும் அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

62 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் மருத்துவமனையிலும் காணக்கூடியவர்தான். மூட்டுத் தேய்மானம். பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை. அந்த ஒரு மாத்திரைக்குள் டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 என இரண்டு மருந்துகள் இருக்கின்றன; அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து மட்டும் அதைக் காட்டும். இரண்டாவது மருந்து உடலின் நீரையும் உப்பையும் சிறுநீராக வெளியேற்றுவது. வலிக்காகப் பல மாதங்களாக அந்த ஜோடி மாத்திரையையும் போட்டு வருகிறார். வயிற்றில் எரிச்சல்கூட இல்லை, அதனால் பயமும் இல்லை. மே மாத வெயிலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் குறைகிறது, நான்காம் நாள் பாதம் வீங்குகிறது, வாந்தி வருகிறது. முன்பு 0.9 இருந்த கிரியேட்டினின் இப்போது 3-ஐத் தாண்டியிருக்கிறது. “உப்பு ஏறிடுச்சு” என்கிறார்கள்.

நடந்தது இதுதான். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாயை விரித்து வைக்கும் பொருளை வலி மாத்திரை நிறுத்திவிட்டது. வெளியேறும் குழாயை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை டெல்மிசார்டன் தளர்த்திவிட்டது. ஹைட்ரோகுளோரோதயசைடும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து உடலின் நீரை வற்றவைத்துவிட்டன. தொட்டியில் தண்ணீர் குறைவு, வருகிற குழாய் ஒடுங்கிக் கிடக்கிறது, போகிற குழாய் திறந்து கிடக்கிறது என்றால் நடுவில் இருக்கும் வடிகட்டியில் அழுத்தம் எங்கிருந்து வரும்? பான்டோபிரசோலைத் தவறாமல் போட்டிருந்தும் அதனால் இங்கே ஒரு பயனும் இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்து வலி மாத்திரையை நிறுத்தி, மற்ற இரண்டு மருந்துகளையும் மருத்துவர் சொற்படி சில நாள் நிறுத்தி, நீர் ஏற்றினால் பெரும்பாலும் கிரியேட்டினின் இறங்கிவிடும். ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் நைந்திருப்பவருக்கு அந்த உத்தரவாதமும் இல்லை.

இதயத்தின் கதை இன்னும் கசப்பானது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லியே சந்தைக்கு வந்தது ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை. 2000-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நாப்ராக்சன் என்ற இன்னொரு வலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது வயிற்றுப் புண் பாதியாகக் குறைந்திருந்தது. மாரடைப்போ பல மடங்கு கூடியிருந்தது. 2004 செப்டம்பரில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். கதை அதோடு முடிந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் லான்செட் இதழில் வந்த அலசலோ, நமக்குப் பழகிப்போன டைக்ளோஃபினாக்கும் நாளுக்கு 150 மில்லிகிராம் அளவில் ஏறத்தாழ அதே ஆபத்தைத் தருகிறது என்று காட்டியது. ஓரளவு இதய ஆபத்து உள்ள ஆயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால், கூடுதலாக மூன்று பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அது போன்ற பெரும் பாதிப்போ வரும், அதில் ஒருவர் இறப்பார். அசிக்ளோஃபினாக் டைக்ளோஃபினாக்கின் நெருங்கிய உறவு. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு கண்டவர்களுக்கு இரண்டையுமே கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் விதியே இருக்கிறது. நாளுக்கு 1000 மில்லிகிராம் நாப்ராக்சனில் மட்டும் அந்த அலசலில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு நாலு மடங்கு. இதயத்துக்குப் பரவாயில்லை என்பது வயிற்றுக்கு மோசம். எல்லா உறுப்புக்கும் ஏற்ற வலி மாத்திரை என்று ஒன்று கிடையவே கிடையாது.

சரி, வயிற்றையாவது கேஸ் மாத்திரை முழுதாகக் காக்கிறதா? இரைப்பையிலும் அதை அடுத்த முன்சிறுகுடலிலும் வரும் புண்ணைக் குறைக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் கீழே உள்ள குடலில் அமிலமே இல்லை, அங்கே அது எதைக் குறைக்கும்? 2010-இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு சாராருக்கு டைக்ளோஃபினாக்கோடு ஒமெப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையும், மறுசாராருக்குச் செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை மட்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். குடல் முழுவதையும் கணக்கில் எடுத்தபோது முதல் சாராரில் 3.8 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, மறுசாராரில் 0.9 சதவீதம். கேஸ் மாத்திரை போட்டவர்கள் பக்கம்தான் குடலில் ரத்தம் கசிந்து சோகை அதிகம் வந்தது. வயதானவர்களுக்கு இது வலியே இல்லாமல் நடக்கும். தார் போலக் கறுத்த மலமும் காரணமில்லாத களைப்பும்தான் அடையாளம்.

அப்படியென்றால் எதைத் தேர்வது? மாத்திரையின் வீரியத்தைப் பார்த்து அல்ல, சாப்பிடுபவரின் பலவீனமான உறுப்பைப் பார்த்துத் தேர வேண்டும். முன்பு வயிற்றுப் புண் வந்து, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்குக் குறைந்த அளவு செலிகாக்சிப்பும், கூட ஒரு கேஸ் மாத்திரையும் பொருந்தும். கேஸ் மாத்திரைக்கு நியாயமான இடம் அதுதான். இதய ஆபத்து கூடியவருக்கு இந்த வகை வலி மாத்திரையே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நாப்ராக்சன், அதுவும் சில நாள்தான். சிறுநீரகம் கெட்டவருக்கோ, நாம் பார்த்த அம்மாவைப் போன்றவருக்கோ இந்த வகையில் பாதுகாப்பான மாத்திரை ஒன்றுகூட இல்லை. செலிகாக்சிப்பும் எடோரிகாக்சிப்பும் இதற்கு விலக்கல்ல. எடோரிகாக்சிப் பிரஷரையும் ஏற்றும்.

அந்த அம்மாவுக்கு முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது டைக்ளோஃபினாக் ஜெல். முழங்கால், கைவிரல் தேய்மானத்துக்கு அது உண்மையிலேயே கேட்கும். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது சுமார் 6 சதவீதம்தான். தொடைத் தசைக்கான பயிற்சியும் தேவைப்படும்போது பாராசிட்டமாலும் அதோடு சேரலாம். பாராசிட்டமால் வலியை முழுதாகக் கொல்லாது என்பது உண்மைதான், ஆனால் சிறுநீரகத்தைக் கைவிடாது.

டைக்ளோஃபினாக் மாத்திரை, சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. உங்கள் அம்மாவோ அப்பாவோ வலி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்றே பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டி, ஒரு கிரியேட்டினின் பரிசோதனை செய்து பாருங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த அன்றே வலி மாத்திரையை நிறுத்திவிடுங்கள்.