பெருக்கிப் பார்த்தால் போதுமா?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் களிமண்ணில் ஓடும் ஜிப்சம் நரம்புகளைப் பற்றி நண்பர் எழுதிய கட்டுரையில் ஊர் பெயர் சரி. வேதியியல்தான் ஊர் போய்ச் சேரவில்லை.

அவர் கணக்கு இது. ஓர் உவர்நீரில் லிட்டருக்குக் கால்சியம் 8 மில்லிமோல், சல்பேட் 8 மில்லிமோல். கூடவே சோடியம் குளோரைடு 0.1 மோல். கால்சியத்தையும் சல்பேட்டையும் பெருக்கினால் 6.4 × 10⁻⁵. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் சுமார் 2.6 × 10⁻⁵. ஆகவே நீர் மிகைத்தெவிட்டியது, இனி ஒரு துளி ஜிப்சம்கூடக் கரையாது என்கிறார். சாதாரண உப்பில் பொது அயனி இல்லையே, அதற்கு இங்கே என்ன வேலை என்றும் கேட்கிறார்.

அந்த உப்புக்குத்தான் இங்கே முழு வேலையும். ஒவ்வொரு கால்சியம் அயனியையும் எதிர்மின் அயனிகள் மேகம்போல் சூழ்கின்றன. சல்பேட்டை நேர்மின் அயனிகள் சூழ்கின்றன. ஒன்றையொன்று இழுக்கும் விசை குறைகிறது. மாறிலியோடு ஒப்பிட வேண்டியது செறிவை அல்ல, செறிவைச் செயல்பாட்டுக் குணகத்தால் பெருக்கியதை. இந்த நீரின் அயனி வலிமை 0.132. இருமின்சுமை அயனிக்கு டேவிஸ் சமன்பாடு தரும் குணகம் ஏறக்குறைய 0.35. இரு அயனிகளுக்கும் சேர்த்துப் பார்த்தால் நண்பரின் பெருக்கம் 7.6 × 10⁻⁶ ஆகச் சுருங்கும். தெவிட்டு நிலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! நீர் இன்னும் ஜிப்சத்தைக் கரைக்கும்.

மாறிலிக்கு வர்க்கமூலம் எடுத்துவிட்டுக் கரைதிறன் கண்டதாகச் சொல்பவர், தூய நீரிலேயே தடுக்கி விழுவார். அந்த வழியில் 5 மில்லிமோல்தான் கிடைக்கும். 25 டிகிரியில் அளந்தால் சுமார் 15. கரைந்த ஜிப்சமே தனக்கு அயனி வலிமையை உண்டாக்கிக்கொள்வதால் 5 என்பது ஏறத்தாழ 10 ஆகிறது. மிச்சம், கால்சியமும் சல்பேட்டும் மின்சுமையற்ற ஜோடியாகக் கரைசலில் நிற்பது. ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் அந்த ஜோடியிலுள்ள கால்சியத்தையும் சேர்த்தே எண்ணும் என்பதால், நண்பரின் பெருக்கம் இன்னும் ஒரு படி ஊதிப் பெருத்தது. 0.1 மோல் உப்புநீரிலோ கரைதிறன் 20 மில்லிமோலை எட்டும், அதாவது லிட்டருக்கு மூன்றரை கிராம் ஜிப்சம்.

உப்பு ஏற ஏற இது முடிவில்லாமல் கூடும் என்று யாரும் சொல்லவில்லை. சுமார் 3 மோல் உப்புக்கு அருகே தூய நீரின் மூன்று மடங்கைத் தாண்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். அந்தச் செறிவில் டேவிஸ் சமன்பாடும் உதவாது; அதன் எல்லை அயனி வலிமை சுமார் 0.5. உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் என்றால் நண்பரின் பொது அயனி விளைவு முன்னுக்கு வந்து கரைதிறன் முதலில் குறையும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டதுதான் கட்டுரையின் கோளாறு.

இன்னும் சந்தேகமா? அதே நீரில் காரை ஜிப்சத் தூளைப் போட்டு, மூடி, ஒரு நாள் குலுக்கி, வடிகட்டிக் கால்சியம் பார்க்கட்டும். 8 ஏறாமல் நின்றால் கட்டுரையை அப்படியே மறுபடி அச்சிடலாம்.