பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்த அபாயம்

பணி ஓய்வுக்கு முந்தைய ஆறு ஆண்டுகள் நான் ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில், இன்ஸ்பெக்‌ஷன் துறையில் இருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம். அங்கே நான் எழுதிய ஒரு தணிக்கை அறிக்கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வெளிநாட்டு வங்கிகளுக்கு நாம் கொடுக்கும் உத்தரவாதங்கள் ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியாகப் போகும். நம் கணக்குகள் இருப்பதோ கோர் பேங்கிங் கணினியில். எங்கள் வங்கியில் அப்போது இந்த இரண்டுக்கும் இணைப்பு இல்லை. ஸ்விஃப்டில் செய்தி அனுப்பிய பிறகு, அதே விவரத்தைக் கோர் பேங்கிங்கில் தனியாகக் கையால் பதிய வேண்டியிருந்தது. பதியாமல் விட்டால்? அந்த வங்கி நம் உத்தரவாதத்தை நம்பிப் பணம் கொடுத்துவிடும். நம் புத்தகத்தில் அப்படி ஒரு பொறுப்பு இருப்பதே தெரியாது.

மூன்று மாதச் செய்திகள் 412-ஐ எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 9 செய்திகளுக்கு அன்றைய தேதியில் பதிவு இல்லை. எல்லாம் இரண்டு முதல் ஆறு நாள் தாமதமாக ஏறியிருந்தன. நஷ்டம் இல்லை.

இதை 23 பக்கம் எழுதினேன். தணிக்கையின் நோக்கம், சோதித்த முறை, மென்பொருள் விவரம், யாருக்கு என்ன அனுமதி என்று நான் வேலை செய்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனேன். அந்த ஒன்பது செய்திகள் வந்தது 19-ஆம் பக்கத்தில்! இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்கு அன்று இரண்டு மணி நேரத்தில் 17 பொருள்கள். என் அறிக்கை "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று முடிந்தது.

துறைத் தலைவரிடம் போய், "யாருமே படிக்கலை சார்" என்று புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "படிச்சிருந்தாலும் அவங்க என்ன முடிவு எடுக்கணும்னு நீங்க எங்கே எழுதியிருக்கீங்க?" என்றார். தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

அடுத்த காலாண்டில் அதையே ஒரு பக்கமாக எழுதினேன். மேலே மூன்று பத்திகள்:

"அபாயம்: வங்கியின் பெயரில் உத்தரவாதம் வெளியே போய், நம் கணக்கில் ஏறாமல் இருக்க முடியும். சோதித்த 412-இல் 9 தாமதமாக ஏறின, நஷ்டம் இல்லை. ஆனால் ஏறாவிட்டாலும் கண்டுபிடிக்க இன்று வழியில்லை. சோதித்தவற்றில் மிகப் பெரியது 18 கோடி ரூபாய்.

செலவு: இணைப்புக்குச் சுமார் 40 லட்சம் ரூபாய், ஆறு மாதம். அதுவரை தினசரி ஒப்பீட்டுக்கு இரண்டு அதிகாரிகளின் ஒரு மணி நேரம்.

பரிந்துரை: செய்தி அனுப்பும் துறையைச் சாராதவர்கள் வரும் திங்கள் முதல் தினமும் ஒப்பிட வேண்டும். இணைப்புக்கான செலவுக்குக் குழு இன்று ஒப்புதல் தர வேண்டும். பொறுப்பு: பொது மேலாளர், அந்நியச் செலாவணி."

கீழே நிர்வாகத்தின் பதில். பழைய 23 பக்கமும் பின்னிணைப்பு. மேலே உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னிணைப்பின் பக்க எண் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஒரு இயக்குநர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இணைப்பு வர்றதுக்கு ஆறு மாசம் ஆகும்கிறீங்க, ஒப்பீட்டை ஏன் திங்கள் வரை தள்ளணும்?" நல்ல கேள்வி. மறுநாளே தொடங்கினோம்.

"சுருக்கினால் விஷயம் நீர்த்துப் போகும்" என்று சொல்லும் தணிக்கை நண்பர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். "அபாயம்: அதிகம்" என்று மட்டும் எழுதுவது சுருக்கம் ஆகாது. அதை எந்தக் குறைக்கும் எழுதலாம். "பல நூறு கோடி நஷ்டம் வரலாம்" என்று மிரட்டுவதும் தப்பு. எங்கிருந்து வந்த கணக்கு என்று ஒருவர் கேட்டால் அறிக்கை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதனால்தான் கண்ணால் கண்ட 18 கோடியை எழுதினேன். "நஷ்டம் இல்லை" என்பதையும் முதல் பத்தியிலேயே சொன்னேன். அதைப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருந்தால், நிர்வாகமே எழுந்து அதைச் சொல்லியிருக்கும். என் வாதம் அங்கேயே விழுந்திருக்கும்.

இன்னொன்று. தணிக்கையாளர் பரிந்துரைக்கத்தான் வேண்டும், முடிவெடுக்கக் கூடாது. அடுத்த வருடம் அதே வேலையைத் தணிக்கை செய்யப் போவதும் நாம்தானே? நிர்வாகத்தின் பதிலை அதே பக்கத்தில் வைத்தது அதற்காகத்தான்.

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை விவகாரம் வெளியே வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். 11,000 கோடி ரூபாய்க்கு மேல். உத்தரவாதங்கள் ஸ்விஃப்டில் போயிருந்தன, கோர் பேங்கிங்கில் ஏறவில்லை. ஸ்விஃப்ட் இப்படித் தவறாகப் பயன்படலாம் என்று 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி அப்போது சொன்னது.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, என்னுடைய அந்த 19-ஆம் பக்கத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே எழுதியிருந்ததில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால், முடிவெடுக்க வேண்டியவர் கண்ணில் படாத இடத்தில் அதை வைத்தது என் தப்புதான்.