மரச்செக்குத் தொழில்: 14 பக்கக் குறிப்பை வங்கிக்கு ஏற்றபடி எழுதுவது எப்படி?

கேள்வி: ‘‘நண்பர்கள் மூவர் சேர்ந்து மரச்செக்குக் கடலை எண்ணெய் தயாரிக்கும் புத்தொழில் ஒன்றைத் தொடங்க உள்ளோம். ஓராண்டாக எழுதிவந்த குறிப்பு 14 பக்கம் இருக்கிறது. பிரச்னை, தீர்வு, சந்தை, தொழில்முறை, குழு, நிதிச்சுருக்கம் என்று ஆறு தலைப்பில் எழுதிவரச் சொல்கிறார் வங்கி மேலாளர். எதை எங்கே எழுதுவது?’’
- வாசகர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: இந்த வாசகர் கேள்வியோடு குறிப்பு நோட்டின் நகலையும் அனுப்பியிருக்கிறார். எல்லோர் நோட்டையும் போலத்தான் இதுவும். செக்கு விலைக்கு அடுத்த வரியில் பாட்டில் மூடி, அதற்கடுத்து மாமா சொன்ன யோசனை என்று கலந்து கிடக்கிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டுச்சீட்டில் எழுதி, ஆறு கவர்களில் போட்டுப் பார்ப்பதே சுலபமான வழி. எந்தக் கவரிலும் சேராத சீட்டு தேவையில்லாத சீட்டு. எந்தக் கவரில் சீட்டே இல்லையோ, அங்கேதான் வேலை பாக்கி இருக்கிறது.

முதல் குழப்பம் பிரச்னையிலேயே வருகிறது. ‘எங்கள் பகுதியில் மரச்செக்கு இல்லை’ என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். இது பிரச்னை அல்ல. தீர்வைத் தலைகீழாக எழுதியதுதான். ‘அறுவடை சமயத்தில் கடலை விலை விழுகிறது’ என்பது உண்மையான பிரச்னைதான். ஆனால், அது விவசாயியின் பிரச்னை. எண்ணெய்க்குப் பணம் கொடுக்கப்போவது டவுனில் இருக்கும் குடும்பம். அந்தக் குடும்பத்தின் குறை என்ன என்பதே இந்தத் தலைப்பில் வர வேண்டும். கடலை விலை பற்றிய சீட்டு, கொள்முதல் பேசும் தொழில்முறைக்குப் போகட்டும்.

அந்தக் குறையைத் தெரிந்துகொள்ள 20 வீடுகளில் கேட்டால் போதும். ‘செக்கெண்ணெய் கொடுத்தால் வாங்குவீர்களா?’ என்று கேட்கக் கூடாது. முகத்துக்காக எல்லோரும் ‘வாங்குவோம்’ என்பார்கள். போன மாதம் எத்தனை லிட்டர் வாங்கினார்கள், எங்கே, என்ன விலை, வாங்கியதில் என்ன குறை என்று கேட்க வேண்டும். இவர்களுடைய 9-ம் பக்கத்திலேயே ‘அக்கா வாங்கிய எண்ணெய் ஒரே மாதத்தில் சிக்கு வாடை அடித்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி அது.

பிரச்னை அதுவானால் தீர்வு ‘மரச்செக்கு வாங்குவது’ என்பதோடு முடியாது. நிலக்கடலைப் பருப்பில் ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடித்து, அஃப்லடாக்சின் என்ற நச்சு உருவாகும். சுத்திகரிப்பு ஆலையில் இந்த நச்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அந்தக் கட்டம் இல்லாததால் பருப்பில் இருப்பது எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். ஆகவே, பருப்பை 7 சதவிகித ஈரத்துக்குள் காயவைப்பது, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்ததையெல்லாம் கையால் பொறுக்குவது, ஆட்டிய தேதியைப் பாட்டிலில் அச்சிடுவது ஆகியவையே இவர்கள் விற்கும் தீர்வு. சமையல் எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து அளந்து விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. அதனால், ‘பாத்திரம் கொண்டுவந்தால் விலை குறைவு’ என்ற யோசனைச் சீட்டை எடுத்துவிடலாம்.

சந்தை என்ற கவரில் ‘தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் எண்ணெய் வாங்குகிறார்கள்’ என்ற ஒரே சீட்டு இருக்கிறது. வங்கிக்கு அது உதவாது. கீழிருந்து எண்ண வேண்டும். இவர்கள் பைக்கில் போய்க் கொடுக்கக்கூடிய தூரத்தில் 300 வீடுகள், வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்றால் 600 லிட்டர். செக்கு அதற்குத் தாங்குமா? ஒரு தடவைக்கு 15 கிலோ, நாளைக்கு 5 தடவை என்றால் 75 கிலோ பருப்பு. லிட்டருக்குச் சுமார் 2.5 கிலோ பருப்பு பிடிக்கும். நாளைக்கு 30 லிட்டர், 25 நாளில் 750 லிட்டர். ஆகவே, தாங்கும்.

தொழில்முறை என்பது ஒரு லிட்டரில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்குதான். இங்கே உள்ள விலைகள் உதாரணத்துக்கு. அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ள வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் 2.5 கிலோவுக்கு 300 ரூபாய். பாட்டில், மூடி, லேபிளுக்கு 15, கூலி, மின்சாரத்துக்கு 25. மொத்தம் 340 ரூபாய். 1.4 கிலோ பிண்ணாக்கு, கிலோ 40 வீதம் 56 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அடக்கவிலை 284 ரூபாய். வீட்டுக்கு நேரடியாக 340-க்கு விற்றால் 56 ரூபாய் மிஞ்சும். கடைக்கு 300-க்குப் போட்டால் 16 ரூபாய்தான், அதுவும் ‘கடைக்காரர் 45 நாள் கழித்துத்தான் பணம் தருவார்’ என்று 6-ம் பக்கம் சொல்கிறது. பருப்பு விலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினாலே லிட்டருக்கு 25 ரூபாய் கூடிவிடும். கடைக்குப் போடுவது நஷ்டமாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் யாருக்கு விற்பது என்று முடிவெடுக்க முடியும்.

நிதிச்சுருக்கத்தில்தான் பெரிய ஓட்டை. செக்கு, கொட்டகை எல்லாம் சேர்த்து 6 லட்ச ரூபாய் தேவை என்று எழுதியிருக்கிறார்கள். ‘அறுவடையில் விலை மலிவாக இருக்கும்போது மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்வோம்’ என்று வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. 600 லிட்டருக்கு மாதம் 1,500 கிலோ பருப்பு வேண்டும். மூன்று மாதத்துக்கு 4,500 கிலோ. அதன் விலை 5,40,000 ரூபாய். தேவை 6 லட்சம் அல்ல, 11,40,000 ரூபாய். எத்தனையோ செக்குகள் நின்றுபோனது ஓட்டத் தெரியாமல் அல்ல, பருப்பு வாங்கப் பணம் இல்லாமல்.

மாத வரவைப் பார்த்தால், 600 லிட்டருக்கு 56 வீதம் 33,600 ரூபாய். வாடகை 6,000, பெட்ரோல் 4,000 போக 23,600. செக்குச் செலவில் 10 சதவிகிதம் கைப்பணம் போட்டு, மீதி 5,40,000 ரூபாயை 11 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் தவணை சுமார் 11,750. பருப்பு இருப்புக்கான கடனுக்குச் சராசரியாக 2,500 ரூபாய் வட்டி. மிஞ்சுவது 9,350 ரூபாய். மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 3,100-ஐச் சொச்சம். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று கேள்விப்பட்டு, அதை வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது கடனோடு இணைந்த மானியம். கடன் கணக்கில்தான் வரவாகும், கைக்கு வராது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்ட பிறகு, தனி வரியாக எழுதலாம்.

குழு பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பருப்பின் தரம் பார்க்கத் தெரிந்தவர் யார், கணக்கு எழுதுபவர் யார், வீடு வீடாகப் போய் விற்பவர் யார் என்று மூன்று வரி போதும். ஆனால், அந்தக் கவரில் இருக்கும் ‘ஒருவர் சென்னை வேலையை விட்டுவிட்டு வருகிறார்’ என்ற சீட்டை, 3,100 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்து மூன்று குடும்பமும் பார்க்க வேண்டும். முதல் வருடம் அவர் சென்னையிலேயே இருந்துகொண்டு, விடுமுறை நாள்களில் வந்து கணக்கைப் பார்ப்பதாக எழுதினால் வங்கிக்கும் நம்பிக்கை வரும்.

11-ம் பக்கத்தில் பாதி அடித்துவிட்ட ஒரு வரி இருக்கிறது: ‘ஊர்க்காரர்கள் பருப்புக்குக் கூலிக்கு ஆட்டித் தரலாம்.’ அதை அடித்திருக்க வேண்டாம். மாதம் 150 லிட்டர் அளவுக்குச் செக்கு சும்மா நிற்கிறது. கூலிக்கு ஆட்டுவதற்குப் பருப்பு வாங்கும் பணம் தேவையில்லை. கூலி கிலோவுக்கு எவ்வளவு என்று பக்கத்து ஊர்ச் செக்கில் விசாரித்து, அந்தச் சீட்டைத் தொழில்முறைக் கவரில் போட்டுவிட்டு, நிதிச்சுருக்கத்தை ஒருமுறை திருத்தி எழுதிக்கொண்டு வங்கிக்குப் போகலாம்.