நடு பிளானுக்கு மாலை, மத்த ரெண்டுக்கும் முக்காடு

பெங்களூர் வந்து பொட்டி தட்ட ஆரம்பிச்சதுல இருந்து நான் புடுங்கின ஆணிகள்லயே மோசமானது போன வாரம் போட்ட விலைப்பட்டியல் ஸ்லைடுதான்.

மூணு பிளான். மாசம் 499, 999, 1,999 ரூபாய். நடுக் கட்டத்தைப் பெரிசாக்கி, நீலம் அடிச்சு, 'பரிந்துரை'ன்னு பட்டை கட்டினேன். அதுவரைக்கும் தப்பே இல்லைங்க, எதை எடுக்கறதுன்னு முழிக்கறவருக்கு அது உதவிதான். அப்புறம் டேமேஜர் மத்த ரெண்டையும் வெளிர் சாம்பலாக்கச் சொன்னார். 499 பிளான்லயே 10 பேர் வரைக்கும் பயன்படுத்தலாம்ங்கற வரி ப்ரொஜக்டர் வெளிச்சத்துல காணாமலே போச்சு. எட்டுப் பேர் இருக்கற கம்பெனிக்கு அந்த வரி தெரியலைன்னா வருஷத்துக்கு 6,000 ரூபாய் தண்டம்!

2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களை மனசுல வெச்சு வெளியிட்ட வழிகாட்டுதல்கள்ல, ஒண்ணைத் தூக்கிக் காட்டி இன்னொண்ணை மறைச்சு வாங்கறவரைத் திசை திருப்பறதையும் ஏமாத்து வேலைகள் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. "நம்மளது வெறும் ஸ்லைடுதானே"ம்பார் டேமேஜர். பாக்கற கண்ணு ஒண்ணுதானே சார்?

பட்டையும் நீலமும் நடுவுக்கே இருக்கட்டும். பட்டைக்குக் கீழே '10 பேருக்கு மேல் இருந்தால்'னு காரணத்தையும் எழுதுங்க. ஆனா விலையும் வசதிகளும் மூணு கட்டத்துலயும் ஒரே எழுத்தளவு, ஒரே கறுப்பு. நடுக் கட்டத்தை மேலே தூக்கினாலும் வரிகள் நேரா நிக்கணும், இல்லைன்னா குறுக்கே படிச்சு ஒப்பிட முடியாது.

முடிச்சதும் மீட்டிங் ரூம் கடைசி நாற்காலில உக்காந்து 499 பிளானைப் படிச்சுப் பாருங்க. படிக்க முடியலைன்னா அதுக்குப் பேர் பரிந்துரை இல்லை, பித்தலாட்டம்.