பஞ்சாயத்தாரை ஒரு தரப்பே நியமிப்பதா?

எல்லைத் தகராறு என்று பஞ்சாயத்துக்குப் போகிறோம். "பஞ்சாயத்தாரை நானே கொண்டு வருவேன், நீ கட்டுப்பட வேண்டியதுதான்" என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? ஆனால் ஒப்பந்தத் தாள்களில் இதற்குத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள்.

ரயில்வே ஒப்பந்தத்தையே பாருங்கள். தகராறு வந்தால் மூன்று நடுவர்கள். ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரிகள் நான்கு பேரின் பட்டியலை ரயில்வே அனுப்பும். காண்ட்ராக்டர் அதில் இரண்டு பெயரைச் சொல்ல வேண்டும். அந்த இருவரில் ஒருவரையாவது பொது மேலாளர் 'காண்ட்ராக்டரின் நடுவர்' என்று நியமிப்பார். மற்றவர்களையும் தலைமை நடுவரையும் அவரே முடிவு செய்வார். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பட்டியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

"தொழில் தெரிந்தவர்கள்தானே?" என்பார்கள். தொழில் தெரியட்டும். சாட்சி சொல்ல அது போதும். தீர்ப்புச் சொல்ல நடுநிலை வேண்டாமா?

நமக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். மருமகனின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒருநாள் சென்னையிலிருந்து நடுவர் நோட்டீஸ் வரும். அவரை நியமித்தது கடன் கொடுத்த கம்பெனி. வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-லேயே தீர்ப்பு உண்டு. சட்டத்தின் 12(5) பிரிவின்படி அந்த ஆட்சேபத்தை நாம் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் தகராறு வந்த பிறகு, எழுத்து மூலம் சம்மதித்தால்தான் அது செல்லும். கடன் வாங்கிய அன்று போட்ட கையெழுத்து போதாது. ஆகவே அந்த நோட்டீஸோடு வரும் தாள் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நடுவர் தமக்குள்ள தொடர்புகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குள் அதே கம்பெனி அவரை இரண்டு தடவையோ அதற்கு மேலோ நியமித்திருந்தால் சந்தேகப்பட அதுவே காரணம். தெரிந்த 15 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுமை என்னவென்றால், அந்த ஆட்சேபத்தை விசாரிப்பவர் அதே நடுவர்தான்! அவர் தள்ளிவிட்டால், தீர்ப்பு வந்த பிறகுதான் கோர்ட்டுக்குப் போக முடியும்.

கடன் வாங்கியவரும் ஜாமீன்தாரரும் ஒரே அணி என்று வைப்பதும் அநியாயம். வண்டியை ஒளித்து வைத்தவர் ஒருவர், தன் பென்ஷனை நினைத்துப் பயப்படுபவர் இன்னொருவர். இருவருக்கும் சேர்த்து ஒரே நடுவரைச் சொல்லச் சொன்னால் எப்படி? பிரான்சில் இதே சிக்கல் வந்தது. நலன் வேறுபட்ட இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஒரு நடுவரைச் சொல்லக் கட்டாயப்படுத்தப்பட்டன, எதிரி டட்கோ கம்பெனிக்கோ தனியாக ஒருவர். 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சமத்துவம் இல்லை என்று தள்ளியது. வழி எளிது: ஒத்துப்போகாவிட்டால் எல்லா நடுவர்களையும் வெளியார் நியமிக்கட்டும். நம் நாட்டில் 11-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம், நமக்கு மதுரைக் கிளை இருக்கிறது.

பஞ்சாயத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சாயத்தாரை இரு தரப்பும் சேர்ந்து தேடட்டும் என்கிறேன்.