பாட்டு ஞாபகம் இருக்கிறது, விலை மறந்துபோச்சாம்!

போன மாதம் 'நாளை உங்கள் கணக்கிலிருந்து 99 ரூபாய் எடுக்கப்படும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. மோசடியோ என்று பயந்து, யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்துவிட்டேன். மூன்று வருஷமாக நான் பழைய பாட்டு கேட்கும் செயலியின் மாதச் சந்தா அது! தானாகப் பிடிக்கும் பணத்துக்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதிதான், அவசரப்பட்டது நான்.

இரண்டு நாள் கழித்து, பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தபோதுதான் புரிந்தது. ரத்தான அனுமதியை உயிர்ப்பிக்க வழியில்லை. பின் நம்பர் போட்டு புதிதாகத்தான் கொடுக்கவேண்டும்.

முதலில் உள்ளே போனால் பட்டியல் காலி. முந்நூறு பாட்டும் போச்சே என்று இடிந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு பார்த்தால், போன் நம்பருக்குப் பதில் ஈமெயிலில் நுழைந்திருக்கிறேன். அது வேறு கணக்கு. பழைய நம்பரில் நுழைந்ததும் பட்டியல் அப்படியே இருந்தது. காலியாகத் தெரிந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். இல்லாவிட்டால் வெறும் கணக்குக்குச் சந்தா கட்டிவிடுவீர்கள்.

பணம் கட்டிய பிறகும், போனில் இறக்கி வைத்த பாட்டுகளை மறுபடி இறக்க வேண்டியிருந்தது. ஒலித்தரத்தையும் திரும்ப அமைத்தேன். அதெல்லாம் அரைமணி வேலை. வயிறு எரிந்தது விலையில்தான். 99 இப்போது 149. கேட்டால், 'பழைய விலை தொடர்ந்து கட்டுபவர்களுக்கு மட்டும். நீங்கள் புதுச் சந்தாதாரர் சார்' என்கிறார்கள்.

புதுச் சந்தாதாரர் என்றால் என் முந்நூறு பாட்டு எப்படி உங்களிடம் இருக்கிறது? என் ரசனை ஞாபகம் இருக்கும், என் விலை மட்டும் மறந்துபோகுமா? விலகியவனுக்குச் சலுகை எதற்கு என்பீர்கள். வேண்டுமென்று விலகியவனுக்கு வேண்டாம். இரண்டே நாளில் திரும்பி வந்தவன் விலகியவனா, கை தவறியவனா? பால்காரரிடம் தவறுதலாக 'நாளைக்கு வேண்டாம்' என்று சொன்னால், மறுநாள் அவர் புது விலையா சொல்கிறார்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. கூகுள் பிளே வழியாக எடுத்த சந்தாவை ரத்து செய்தாலும், கட்டிய காலம் முடிவதற்குள் Resubscribe என்பதை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதேபோல, காலம் முடிந்த பிறகும் ஒரு வாரம் பழைய விலையிலேயே சேர்த்துக்கொள்ள எல்லா கம்பெனிகளையும் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை நாம்தான் உஷாராக இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் ரத்து செய்யாதீர்கள். பல யுபிஐ செயலிகளில் Pause என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, யாருக்குப் பணம் போகிறது என்று பெயரைப் படியுங்கள். நான் படிக்கவில்லை. மாதம் 50 ரூபாய் தண்டம்.