உழைத்த மணி காலாவதியாகக் கூடாது: நெகிழ்வு நேரம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அலுவலகப் பணியில் நெகிழ்வு நேர முறையை எங்கள் ஊழியர் சங்கம் ஆதரிக்கிறது. எல்லோரும் இருந்தே ஆக வேண்டிய பொது நேரம் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வசதி. மாத முடிவில் உழைத்த மணிகளைக் கூட்டி, மிகுதியையோ குறைவையோ அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் கணக்கு. இந்த அமைப்பில் எங்களுக்கு மறுப்பில்லை. அடுத்த மாதத்துக்கு இத்தனை மணிதான் போகும், மீதி காலாவதி என்ற விதியைத்தான் எதிர்க்கிறோம். ஓர் ஊழியர் வேலை பார்த்ததாகப் பதிவேடு காட்டும் எந்த மணியும் விடுப்பாகவோ ஊதியமாகவோ அவரிடம் திரும்ப வேண்டும்.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 21 வேலைநாள் உள்ள மாதத்தில், நாளுக்கு 8 மணி வீதம் 168 மணி கடமை. ஒருவர் 181 மணி உழைத்திருக்கிறார், மிகுதி 13. வரம்பு 10 மணி என்றால், மாதக் கடைசி நாள் கணக்கு முடிந்ததும் 3 மணி மறைந்துவிடும். மிஞ்சிய 10 மணியையாவது அவரால் அனுபவிக்க முடியுமா என்பதைப் பொது நேரமே தீர்மானிக்கிறது. அது காலை 10 முதல் மாலை 5 வரை என்றால், ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக 6 மணி கட்டாயம். நாளுக்கு 2 மணிக்கு மேல் குறைக்க வழியில்லை. 10 மணியைக் கழிக்க முழுதாக 5 நாள் வேண்டும். முழு நாள் ஓய்வு எடுக்க வழியே இல்லை. பொது நேரம் 11 முதல் 3 வரை என்றால் கட்டாயம் 3 மணிதான்; இரண்டே நாளில் 10 மணியும் கழிந்துவிடும். வரம்பைப் பற்றி மட்டும் பேசிப் பொது நேரத்தை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடும் பேச்சுவார்த்தைகள் அதனால்தான் வீணாகின்றன. மியூனிக் அருகே ஒட்டோபுருன்னில் 1967இல் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் நெகிழ்வு நேர முறையைத் தொடங்கியது, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் ஏற்பட்ட வாகன நெரிசலைக் குறைக்கத்தான். பொது நேரம் நீள நீள அந்தப் பயனும் கரைகிறது.

ஜப்பானியச் சட்டத்தின் நிலையை இங்கே சொல்ல வேண்டும். அங்கே 1988 முதல் நடைமுறையில் உள்ள இம்முறையில், கணக்குக் காலத்தில் குறைந்த மணிகளை அடுத்த காலத்தில் ஈடுகட்டச் சொல்லலாம். கூடுதலாக உழைத்த மணிகளை அப்படித் தள்ளிவைக்க முடியாது. உழைத்ததற்கான கூலி அந்தந்தக் காலத்திலேயே முழுதாகத் தரப்பட வேண்டும் என்பது காரணம். இதை அப்படியே இங்கே கேட்க மாட்டோம்; மணிகளைச் சேர்த்து வைத்து ஊருக்குப் போக விரும்பும் உறுப்பினர்கள் எங்களிடம் நிறையப் பேர். ஆனால் அதன் அடிப்படை சரியானது: கொண்டுசெல்வது ஊழியரின் உரிமையாக இருக்கலாம், நிர்வாகத்தின் கடன் தள்ளுபடியாக இருக்கக் கூடாது. ஆகவே 16 மணி வரையிலான மிகுதி அடுத்த மாதத்துக்குப் போகட்டும். அதைத் தாண்டியதை அடுத்த மாத ஊதியத்தோடு பணமாகத் தர வேண்டும். 8 மணி மிகுதி சேர்ந்தால், பொது நேரத்தையும் விலக்கி ஒரு முழு நாள் விடுப்பு தர வேண்டும்.

இதைவிட முக்கியமானது, மேலாளர் இருக்கச் சொன்னதால் இருந்த மணிகளை இந்த இருப்பில் சேர்க்கவே கூடாது என்பது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 ஓவர்டைமுக்கு இரட்டை ஊதியம் சொல்கிறது. அந்த மணி நெகிழ்வு நேரக் கணக்கில் விழுந்தால், இரண்டு மணிக்கான கூலி ஒரு மணி விடுப்பாகச் சுருங்கிவிடும். பதிவேட்டில் இரண்டு பத்திகள் வேண்டும்: தானாக இருந்தது, சொல்லி இருந்தது. இரவு ஏழரைக்கு ‘இதை முடித்துவிட்டுப் போங்கள்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தி இரண்டாம் பத்திக்குப் போதுமான சான்று.

வரம்பில் வெட்டாவிட்டால் வேலையே இல்லாமல் உட்கார்ந்து மணி சேர்ப்பார்கள் என்கிறது நிர்வாகத் தரப்பு. அப்படி நடக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு மருந்து மாத நடுவிலேயே கவனிப்பது. ஜெர்மன் அலுவலகங்கள் பலவற்றில் இருப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிறார்கள். மஞ்சளைத் தொட்டதும் ஊழியரும் மேலாளரும் உட்கார்ந்து எப்படிக் குறைப்பது என்று பேசியாக வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து ஒருவர் மஞ்சளில் இருந்தால், பெரும்பாலும் அந்த மேசையில் ஒன்றரை ஆள் வேலை கிடக்கிறது. வெட்டிவிடும் விதி அந்தத் தகவலையும் சேர்த்தே அழிக்கிறது. காலை 9 மணிக்கு வாடிக்கையாளர் அழைத்தால் யார் எடுப்பது என்ற கேள்வியும் நியாயமானதே. அதற்கு அந்தக் குழுவில் இருவர் முறைவைத்து வந்தால் போதும். நாற்பது பேரின் பொது நேரத்தையும் 9 மணிக்கு இழுக்க வேண்டியதில்லை.